டெட்ராய்ட் 2023: எல்லோரும் வெளியே வருவதா, ஒரு கம்பெனியைப் பிடிப்பதா, ஆங்காங்கே நிறுத்துவதா?

சம்பளப் பேரம் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது "எனக்கு வேறு இடத்தில் வேலை காத்திருக்கிறது" என்று சொல்லிப் பார்ப்பதுதான். நிர்வாகமும் பதிலுக்கு "நாங்கள் ஆலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம்" என்கிறது. இரண்டுமே பல நேரம் செல்லாக்காசு. எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதைப் புரிந்துகொள்ள 2023-இல் அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் (யு.ஏ.டபிள்யூ.) எடுத்த முடிவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால் அந்தச் சங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

நிலவரம் இதுதான். டெட்ராய்ட்டின் பெரிய கார்க் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்றோடும் இருந்த ஒப்பந்தம் செப்டம்பர் 14 நள்ளிரவோடு முடிகிறது. மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 1,46,000 உறுப்பினர்கள். சங்கத்தின் வேலைநிறுத்த நிதியில் 82.5 கோடி டாலர் இருக்கிறது, வேலைநிறுத்தத்தில் இறங்குபவருக்கு வாரம் 500 டாலர் கொடுப்பார்கள். சங்கம் கேட்டது நாலு வருடத்தில் 40 சதவீத உயர்வு. கம்பெனிகள் செப்டம்பர் முதல் வாரத்தில் 9, 10, 14.5 சதவீதம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி, கெடு நெருங்க நெருங்க 20-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. சங்கத்தின் முன் மூன்று வழிகள்: மூன்று கம்பெனியிலும் எல்லோரும் ஒரேயடியாக வெளியே வருவது, பழைய வழக்கப்படி ஒரு கம்பெனியை மட்டும் பிடித்து அதை முழுசாக நிறுத்துவது, மூன்றிலும் சில ஆலைகளை மட்டும் நிறுத்தி, தேவைப்பட்டால் கூட்டிக்கொண்டே போவது.

எது நல்லது என்று சொல்வதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். கொஞ்சம் கணக்கு, ஆனால் கூட்டல் கழித்தல்தான்.

ஆலை ஓடினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் உபரி வருகிறது, அதைக் கம்பெனியும் சங்கமும் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை நடக்கும் நாளில் தொழிலாளருக்கு நிதியிலிருந்து 10 கிடைக்கிறது. கம்பெனிக்குக் கையிருப்பு வண்டிகளை விற்று 20 கிடைக்கிறது. ஒத்துப்போனால் கூடுதலாகக் கிடைப்பது மீதி 70. இரு தரப்புக்கும் பொறுமை சமம் என்றால் அந்த 70 பாதியாகப் பிரியும். தொழிலாளருக்கு 45, கம்பெனிக்கு 55. இப்போது கம்பெனியின் சண்டைக்கால வருமானம் 20 இல்லாமல் பூஜ்யம் ஆகிவிட்டது என்றால், பிரிக்க வேண்டியது 90. தொழிலாளருக்கு 10-உம் 45-உம் சேர்ந்து 55. மாறாக, கம்பெனியைத் தொடாமல் தொழிலாளரின் சண்டைக்கால வருமானத்தை 10-இலிருந்து 20 ஆக்கினால் அவர் பங்கு 50. ஆக, உன் பக்கம் ஒரு ரூபாய் கூடினாலும் எதிர்ப்பக்கம் ஒரு ரூபாய் குறைந்தாலும் உனக்கு எட்டணா லாபம். 1950-இல் ஜான் நாஷ் எழுதிய பேரக் கணக்கின் எலும்புக்கூடு இதுதான்.

இனி வெளிவாய்ப்பு. அதாவது, சண்டையைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பிப்போனால் கிடைப்பது. பக்கத்து ஊரில் 40 ரூபாய்க்கு வேலை இருக்கிறது என்றால் மேலே சொன்ன 45 எவ்வளவு ஆகும்? பலபேர் 10 இருந்த இடத்தில் 40-ஐப் போட்டு மறுபடி கணக்குப்போடுவார்கள். தொழிலாளருக்கு 60 வரும், ஆஹா என்று தோன்றும். தப்பு. 45 கிடைக்கும் இடத்தைவிட்டு 40-க்கு யாரும் போகமாட்டார்கள், அது எதிரில் இருப்பவருக்கும் தெரியும். அதனால் பங்கு 45-இலேயே நிற்கும், ஒரு பைசா நகராது. பக்கத்து ஊர் வேலை 50 ரூபாய் என்றால் மட்டும்தான் அது வேலை செய்யும். அப்போதும் கம்பெனி சரியாக 50 கொடுத்தால் போதும், அதற்கு மேல் பாதி கீதி எல்லாம் கிடையாது. ஆள் ஆளுக்கு மாற்றி மாற்றிப் பேரம் பேசும் முறையை ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982-இல் கணக்காக்கினார். 1986-இல் பின்மோர், வொலின்ஸ்கி இருவரோடும் சேர்ந்து சண்டைக்கால வருமானத்தையும் வெளிவாய்ப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். 1989-இல் பின்மோர், ஷேக்கட், சட்டன் மூவரும் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோதும், சின்ன வெளிவாய்ப்பு இருந்த ஜோடிகள் பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்திலேயே பிரித்துக்கொண்டார்கள்.

சரி, இந்த அளவுகோலோடு டெட்ராய்ட்டுக்குப் போவோம்.

முதல் வழி, எல்லோரும் வெளியே. கம்பெனியின் சண்டைக்கால வருமானத்தைத் தரைமட்டமாக்க இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் செலவைப் பாருங்கள். 1,46,000 பேருக்கு வாரம் 500 டாலர் என்றால் 7.3 கோடி. 82.5 கோடியை அதனால் வகுத்தால் பதினொரு வாரம், கொஞ்சம் மிச்சம். மருத்துவக் காப்பீட்டுச் செலவைச் சேர்த்தால் இன்னும் குறையும். கெடுதல் என்னவென்றால், நிதி எவ்வளவு என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆக எந்த வாரம் பெட்டி காலியாகும் என்பதும் கம்பெனிக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பொறுமை சமம் என்ற என் மேற்படி அனுமானம் அங்கே உடைந்துபோகிறது. இதோடு, உச்ச ஊதியக்காரருக்கு மணிக்கு 32 டாலர் என்றால் வாரச் சம்பளம் 1,280. அது 500 ஆகிறது, ஒரே நேரத்தில் எல்லோருக்கும். முதல் நாளே கையில் இருந்த எல்லாச் சீட்டையும் இறக்கியாகிவிட்டது, அடுத்த வாரம் "இன்னும் கூட்டுவோம்" என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது வழி, ஒரு கம்பெனி. சங்கம் இதைத்தான் வெகுகாலம் செய்துவந்தது. ஒருவரைப் பிடித்து ஒப்பந்தம் போட்டால் மற்ற இருவரும் அதையே பின்பற்றுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் 46,000 பேர் என்றால் வாரம் 2.3 கோடி, நிதி எட்டு மாதம் தாங்கும். ஆலை நிற்கும்போது வாடிக்கையாளர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்பதால் பிடிபட்ட கம்பெனிக்கு வலி அதிகம். காகிதத்தில் அருமையாக இருக்கிறது, நானும் முதலில் இதுதான் சிறந்தது என்று நினைத்தேன்.

ஆனால் 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸில் ஏறத்தாழ 48,000 பேர் 40 நாள் வெளியே இருந்தார்கள். கம்பெனிக்கு அந்த வருட லாபத்தில் 360 கோடி டாலர் போனதாக அதுவே சொன்னது. கிடைத்ததோ, இரண்டு வருடங்களில் 3 சதவீத உயர்வு, மற்ற இரண்டு வருடங்களில் 4 சதவீத ஒருமுறைத் தொகை, கையெழுத்துப் போனஸ் 11,000 டாலர். ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலை மூடியது மூடியதுதான். அந்தச் சமயம் வேலைநிறுத்தப்படி வாரம் 250 டாலர், கடைசியில்தான் 275 ஆனது. தொழிலாளர் பக்கம் சண்டைக்கால வருமானம் ஒட்டிப்போய்க் கிடந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கூடவே மற்ற இரண்டு கம்பெனிகள் நிம்மதியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தன. அவர்களோடு பேரம் ஓடவே இல்லை, அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாவது வழி. 2023 செப்டம்பர் 15 அன்று மூன்று ஆலைகள் மட்டும் நின்றன. மிசௌரியில் ஜெனரல் மோட்டார்ஸின் வென்ட்ஸ்வில், மிச்சிகனில் வேன் என்ற ஊரில் இருக்கும் ஃபோர்டு ஆலை, ஒஹாயோவில் ஸ்டெல்லாண்டிஸின் டொலீடோ. கிட்டத்தட்ட 13,000 பேர். வாரச் செலவு 65 லட்சம். மீதி 1,33,000 பேர் முழுச் சம்பளத்தோடு வேலைக்குப் போனார்கள். மொத்த உறுப்பினரின் சராசரி வார வருமானத்தைக் கணக்குப்போட்டால் (எல்லோருக்கும் 1,280 என்று தாராளமாக வைத்துக்கொண்டால்) 1,210-க்குப் பக்கத்தில் வருகிறது. முதல் வழியில் 500.

அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி, கம்பெனியும்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு என்ன வலி என்பது. நியாயமான கேள்வி. முதல் வாரத்தில் வலி குறைவுதான். கூர்ந்து பார்த்தால், நல்ல லாபம் தரும் பெரிய பிக்கப் லாரி ஆலைகள் எதையும் முதல் நாள் தொடவில்லை, அவற்றைக் கைவசம் வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 22 அன்று ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் இரண்டின் 38 உதிரிபாகக் கிடங்குகள் நின்றன. பேச்சில் முன்னேற்றம் காட்டிய ஃபோர்டை விட்டுவிட்டார்கள். 29 அன்று ஃபோர்டுக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் ஆளுக்கு ஓர் ஆலை நின்றது. கடைசி நிமிடத்தில் இறங்கிவந்த ஸ்டெல்லாண்டிஸுக்கு விலக்கு. யார் இறங்கிவருகிறாரோ அவர் தப்பித்தார், இது இரண்டாவது வழியில் கிடைக்காத ஆயுதம்.

அப்புறம் அக்டோபர் 11. கென்டக்கியில் ஃபோர்டின் லாரி ஆலை முன்னறிவிப்பு இல்லாமல் மாலை ஷிஃப்டில் நின்றது. அங்கே வேலை செய்வோர் 8,700. வாரம் 43.5 லட்சம் டாலர் சங்கத்தின் செலவு. அந்த ஆலையின் வருட விற்பனை 2,500 கோடி டாலர் என்று ஃபோர்டே சொல்லியிருந்தது. வாரத்துக்கு 48 கோடி. சங்கம் ஒரு டாலர் செலவழித்தால் எதிர்ப்பக்கம் 110 டாலர் விற்பனை நிற்கிறது. விற்பனை வேறு, லாபம் வேறு என்பது சரிதான், ஆனாலும் எந்த ஆலையை நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்க இந்த விகிதம்தான் சரியான அளவுகோல். இரண்டு வாரத்தில், அக்டோபர் 25 அன்று, ஃபோர்டு ஒத்துக்கொண்டது. 28-இல் ஸ்டெல்லாண்டிஸ், 30-இல் ஜெனரல் மோட்டார்ஸ். நாலரை வருடத்தில் 25 சதவீதம், அதில் 11 சதவீதம் உடனடியாக, கூடவே 2009-இல் கைவிட்ட பஞ்சப்படியும் திரும்பக் கிடைத்தது. கடைசியில் சுமார் 45,000 பேர் வெளியே இருந்தார்கள். அத்தனை பேரும் ஆறு வாரமும் வெளியே இருந்ததாக வைத்துக்கொண்டாலும் படிச் செலவு 13.5 கோடிதான், நிதியில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. கம்பெனிகள் சொன்ன இழப்பு ஜெனரல் மோட்டார்ஸுக்கு 110 கோடி, ஃபோர்டுக்கு 170 கோடி. இரண்டையும் கூட்டினாலும் 2019-இல் ஒரே கம்பெனி இழந்ததைவிடக் குறைவு. அதிகம் உடைத்தவர் அதிகம் பெறுவார் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் காட்டலாம்.

இந்த வழியில் ஓட்டைகளும் உண்டு. வென்ட்ஸ்வில் நின்றதும் அங்கிருந்து தகடு வராததால் கான்சஸின் ஃபேர்ஃபாக்ஸ் ஆலையில் ஏறக்குறைய 2,000 பேரை ஜெனரல் மோட்டார்ஸ் லே-ஆஃப் செய்தது. வேன் ஆலையில் ஃபோர்டு 600 பேரை அனுப்பியது. அவர்களுக்கும் சங்கமே 500 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி இதையே பெரிய அளவில் செய்திருந்தால், அதாவது முழுக் கதவடைப்பு செய்திருந்தால், மூன்றாவது வழி ஒரே நாளில் முதல் வழியாகிவிடும், அதுவும் சங்கம் கேட்காமலே. கம்பெனிகள் அதைச் செய்யவில்லை, பிக்கப் லாரி லாபத்தை விட மனம் வரவில்லை. லாபம் கொழிக்காத வருடத்தில் இந்த உத்தியை நம்பி இறங்க நான் தயங்குவேன். இன்னொரு நுணுக்கம்: ஒரே ஆலையை இன்று நிறுத்தி நாளை திறந்து மறுநாள் நிறுத்துவதற்கு அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் ஒருமுறை நின்ற ஆலை உடன்பாடு வரும்வரை நின்றபடியே இருந்தது, புதிதாகத்தான் சேர்த்தார்கள்.

நம் ஊரில் இதை அப்படியே செய்ய முடியுமா என்று கேட்டால், திடீர்த்தன்மை போய்விடும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, நோட்டீஸ் கொடுத்துப் பதினான்கு நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. பதினான்கு நாள் ஓவர்டைம் ஓட்டிக் கிடங்கை நிரப்பினால் என் உதாரணத்தில் இருந்த அந்த 20 ரூபாய் 30 ஆகிவிடும்.

டெட்ராய்ட் கதையில் இதுவரை வெளிவாய்ப்பு எங்கேயும் வரவில்லை, கவனித்திருப்பீர்கள். அது வந்த இடங்கள் இரண்டு.

ஒன்று, தற்காலிகத் தொழிலாளர். உச்ச ஊதியக்காரருக்கு மணிக்கு 32 டாலர். அந்த வட்டாரத்தில் வேறெங்கும் அவருக்கு அது கிடைக்காது, "போய்விடுவேன்" என்பது அவர் வாயில் வெறும் பேச்சு. தற்காலிகமாக இருந்தவருக்கோ 16 டாலர் சுற்றித்தான். அதே 2023 செப்டம்பரில் அமேசான் தன் கிடங்கு ஊழியரின் சராசரி மணிச் சம்பளம் 20.50 டாலரைத் தாண்டும் என்று அறிவித்தது. இங்கே வெளிவாய்ப்பு கையில் வாங்கும் சம்பளத்தைவிட உயரே நிற்கிறது, ஆகவே கம்பெனி எப்படியும் ஏற்றித்தான் ஆக வேண்டும், சங்கம் கத்தினாலும் கத்தாவிட்டாலும். ஒப்பந்தத்தில் உச்ச ஊதியக்காரருக்கு 25 சதவீதமும் ஸ்டெல்லாண்டிஸின் தற்காலிகத் தொழிலாளருக்கு 150 சதவீதத்துக்கு மேலும் உயர்வு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. எல்லாப் புகழும் இதற்கே என்று சொல்லமாட்டேன். 20 டாலரோடு நிற்காமல் அதற்கு மேலும் போனதே, அது வேலைநிறுத்தத்தின் கணக்கு. உச்ச ஊதியத்துக்குப் போக எட்டு வருடம் இருந்ததை மூன்றாகக் குறைத்ததும் அப்படித்தான்.

இரண்டாவது, கம்பெனியின் வெளிவாய்ப்பு. ஸ்டெல்லாண்டிஸ் 2023 பிப்ரவரி இறுதியில் இல்லினாயின் பெல்விடியர் ஆலையை நிறுத்திவைத்திருந்தது. மற்றபடி பேட்டரி ஆலைகள் எல்லாம் கூட்டு நிறுவனங்கள் என்ற பெயரில் ஒப்பந்தத்துக்கு வெளியே முளைத்துக்கொண்டிருந்தன. சண்டைக்கால வருமானம்போல இது அன்றாடம் பங்கை அசைப்பதில்லை, ஆனால் ஒரு கூரைபோல மேலே நிற்கிறது. சங்கம் அந்தக் கூரைக்கு மேல் கேட்டால் கம்பெனி நிஜமாகவே கிளம்பிவிடும். சங்கம் இதைப் புரிந்துகொண்டதாகத்தான் படுகிறது, ஏனென்றால் சதவீதத்தோடு விடாமல் கூரையையே உயர்த்தும் வேலையும் பார்த்தார்கள். அக்டோபர் 6 அன்று பேட்டரி ஆலைகளைத் தேசிய ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர ஜெனரல் மோட்டார்ஸ் சம்மதித்ததும் அந்த வாரம் புதிதாக எந்த ஆலையையும் நிறுத்தவில்லை. ஆலையை மூடினால் அதற்காக வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் ஒப்பந்தத்தில் ஏறியது. பெல்விடியரைத் திறப்பதாக ஸ்டெல்லாண்டிஸ் எழுதிக்கொடுத்தது, பிறகு தள்ளிப்போட்டது, சங்கம் மறுபடி சத்தம்போட, 2025 ஜனவரியில் 2027-இல் திறக்கிறோம் என்றது. எழுதி வாங்கியதால் மட்டும் கூரை உயர்ந்துவிடாது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆக, மூன்றில் என் ஓட்டு மூன்றாவதற்கே. நிதி குறைவாக இருந்து, ஆலைகளுக்குள் லாபம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் அதை அசைக்க முடியாது. எல்லா ஆலையும் ஒரே மாதிரி லாபம் தருவது, அல்லது ஒரே ஆலைதான் இருப்பது என்றால் அந்த உத்திக்குப் பிடிமானமே இல்லை. அங்கே இரண்டாவது, முதல் வழிகள்தான். உறுப்பினர்கள் அத்தனை பேரும் என்னோடு ஒத்துப்போனார்கள் என்றும் சொல்ல முடியாது, ஜெனரல் மோட்டார்ஸில் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக விழுந்தது 55 சதவீதம்தான்.

ஒப்பந்தம் முடிந்த சில வாரங்களில் சங்கமே இல்லாத ஹோண்டா 11 சதவீதம் ஏற்றியது, டொயோட்டாவும் ஹூண்டாயும் ஏற்றின. சங்கம் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் என்று பலரும் பேசினார்கள். காரணம் எதுவானாலும், டெட்ராய்ட் தொழிலாளரின் வெளிவாய்ப்பு கொஞ்சம் உயர்ந்தது. 32 டாலர்க்காரருக்கு அது இன்னும் எட்டாத உயரம்தான், புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் எட்டும். இந்த ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30-இல் முடிகிறது. சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் மற்ற தொழிற்சங்கங்களையும் தங்கள் ஒப்பந்தத்தை அதே நாளில் முடியும்படி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மேடையில் கேட்க நன்றாக இருக்கிறது. அது முதல் வழிக்கே திரும்பிப் போவதாக ஆனால், வாரம் 7.3 கோடி என்ற கணக்கு அன்றும் மேசைமேல் இருக்கும், கம்பெனிக்கும் அது தெரிந்திருக்கும்.